வில்லியனூர் குதிரைக்குப் பின்னால் ஒரு மஞ்சள் சுவர்: கிரிட்டாவில் எந்த வழி?

கையில் இருப்பது ஒரு சுடுமண் குதிரையின் போட்டோ. பின்னணியை நீக்கியாகிவிட்டது, குதிரை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. அதற்குப் பின்னால் எளிமையாக ஒரு காட்சி வரைய வேண்டும். புதுச்சேரி பக்கத்து வில்லியனூரில் இந்தப் பொம்மைகளை வாங்கி விற்கும் தம்பி ஒருவர் கேட்டது இவ்வளவுதான்: "அண்ணே, குதிரை முன்னாடி நிக்கணும். பின்னாடி பார்த்தா பாண்டின்னு தெரியணும். ரொம்ப டிசைன் எல்லாம் வேணாம்."

கிரிட்டா என்கிற ஓவிய மென்பொருளில் இதை மூன்று விதமாகச் செய்யலாம். காட்சியைத் தட்டையான கலர் பிளாக்குகளாகப் பிரித்து நிரப்பி, அதோடு நிறுத்திக்கொள்ளலாம். அல்லது முதல் கோட்டிலிருந்தே டெக்ஸ்ச்சர், அதாவது சொரசொரப்பு, உள்ள பிரஷ்ஷை எடுத்து, ஓவியம் தீட்டுவது போலத் தீட்டலாம். மூன்றாவது, முதலில் பிளாக், அப்புறம் அந்த பிளாக்கின் எல்லைக்குள் மட்டும் டெக்ஸ்ச்சர். நான் தேர்ந்தெடுப்பது மூன்றாவதை. ஆனால் அது எப்போதும் சரி என்று சொல்ல மாட்டேன். முதல் வழியே போதும் என்கிற வேலைகளும் உண்டு, இரண்டாவது வழிதான் அழகு என்கிற படங்களும் உண்டு.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி. பின்னால் எதை வரைவது?

கடலா, சுவரா

பாண்டி என்றதும் இரண்டு காட்சி மனதில் வரும். ஒன்று பீச் ரோடு பக்கத்துக் கடல். இன்னொன்று ஒயிட் டவுன் வீதிகளின் மஞ்சள் சுவர், வெள்ளைப் பட்டை, மேலே காகிதப்பூ. கடலூரில் இருக்கிற எனக்குச் சில்வர் பீச்சை வைத்துவிடலாம் என்றுதான் முதலில் ஆசை வந்தது. கடல் வரைவதும் சுலபம்: வானம் ஒரு பிளாக், தண்ணீர் ஒரு பிளாக், மணல் ஒரு பிளாக், வேலை முடிந்தது.

ஆனால் இந்த முடிவு நம் ஆசையைப் பொறுத்ததல்ல, போட்டோவைப் பொறுத்தது. போட்டோவில் குதிரையின் முதுகைப் பாருங்கள். முதுகின் மேல்பரப்பு தெரிகிறது, தலையின் மேல்பரப்பு தெரியவில்லை என்றால், படம் எடுத்தபோது கேமரா இரண்டுக்கும் நடுவில், கழுத்து மட்டத்தில் இருந்திருக்கிறது. கேமராவின் உயரம் எதுவோ அங்கேதான் தொடுவானமும் வரும். அப்படியானால் கடல்கோடு நேராகக் குதிரையின் கழுத்தை அறுத்துக்கொண்டு போகும். கோட்டை மேலேயோ கீழேயோ நகர்த்தினால் கழுத்து தப்பிக்கும், ஆனால் குதிரை மணலில் நிற்காது. சரிந்து விழப்போவது போலவோ, மிதப்பது போலவோ இருக்கும். பார்ப்பவர்களுக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஏதோ ஒட்டவில்லை என்று மட்டும் தெரியும்.

வெளிச்சத்திலும் கடல் ஒரு சிக்கல் வைக்கிறது. நம் கடல் கிழக்கே இருக்கிறது. கடலுக்கு மேல் ஆரஞ்சு வானத்தில் சூரியனை வரைந்தால், கடலூரிலும் பாண்டியிலும் அது காலை நேரம் மட்டும்தான். அப்போது சூரியன் குதிரைக்குப் பின்னால் இருக்கும். குதிரையின் முன்பக்கம் இருட்டாகவும், ஓரம் மட்டும் பளிச்சென்றும் இருக்க வேண்டும். நம் போட்டோவோ ஜன்னல் ஓரத்தில், இடது பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்படி எடுத்தது. முன்பக்கம் முழுக்கத் தெளிவாகத் தெரிகிறது. அந்த வானத்தோடு இந்தக் குதிரை ஒரு நாளும் சேராது.

சுவரில் இந்தத் தொல்லை இல்லை. சுவர் இருந்தால் தொடுவானம் மறைந்துவிடுகிறது. சுவரும் தரையும் சேரும் கோடு மட்டும்தான் தெரியும். அது தொடுவானத்துக்குக் கீழே எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து. பக்கவாட்டு வெளிச்சமும் சுவருக்கு இயல்பு. அதனால் கழுத்து மட்டத்தில், பக்க வெளிச்சத்தில் எடுத்த படத்துக்குச் சுவர். கேமராவை நன்றாக மேலே பிடித்து எடுத்த படமென்றால் கோடு தலைக்கு மேலே போய்விடும், அப்போது கடலையோ மணலையோ யோசிக்கலாம்.

வழி ஒன்று: கலர் பிளாக் மட்டும்

கேன்வாஸ் 2000 × 2000 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். குதிரை சுமார் 1200 பிக்சல் உயரம். பாதங்கள் கீழ் விளிம்பிலிருந்து 350 பிக்சல் மேலே இருக்கின்றன. சுவரும் தரையும் சேரும் கோட்டைப் பாதங்களுக்கு 300 பிக்சல் மேலே வைத்தால் அது கால்களின் நடுவே போகும். வயிற்றின் அடிக்கோட்டில் அது படக்கூடாது. பட்டால் வயிறும் தரையும் ஒரே கோடாகத் தெரியும். வெள்ளைத் தூண்பட்டை ஒன்று வலது பக்கம், வால் முடிந்து கொஞ்சம் தள்ளி. அதற்கும் வலதில், படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு பச்சை ஜன்னல் கதவு. இடது மேல் மூலையில் காகிதப்பூ. மொத்தம் ஐந்து துண்டுகள், அதற்கு மேல் வேண்டாம்.

சதுரமான துண்டுகளுக்கு செவ்வகக் கருவி போதும். `Tool Options`-இல் `Fill` என்பதை `Foreground Color` ஆக்கி, கோட்டை `No Outline` ஆக்கிவிட்டால் இழுத்த இடமெல்லாம் தட்டைக் கலர் விழும். காகிதப்பூக் கொத்து போல ஒழுங்கில்லாத வடிவத்துக்கு `t) Shapes Fill` என்கிற பிரஷ் இருக்கிறது. அதால் வெளிவரம்பைச் சுற்றி வந்து விட்டால் உள்ளே தானாக நிரம்பிவிடும். ஒவ்வொரு துண்டும் தனி லேயரில், அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய தனித்தனி கண்ணாடித் தாள் போல, இருக்கட்டும்.

இங்கே ஒரு சின்னத் தொழில் நுணுக்கம். இரண்டு துண்டுகளை விளிம்போடு விளிம்பு ஒட்டி வைக்காதீர்கள். ஓரங்கள் மென்மையாக்கப்பட்டுத்தான் வரையப்படுகின்றன. ஒட்டி வைத்த இடத்தில் பின்னால் இருக்கும் வெள்ளை, மயிர் போல ஒரு கோடாக எட்டிப் பார்க்கும். சுவரை முதலில் கேன்வாஸ் முழுக்க நிரப்புங்கள். அதன் மேல் தரை, அதன் மேல் பட்டை. கீழே இருப்பது எப்போதும் மேலே இருப்பதன் அடியில் நுழைந்து கிடக்க வேண்டும்.

கலரைத் தேர்ந்தெடுப்பதுதான் இந்த வழியின் உயிர், மற்ற இரண்டுக்கும் அதுவே அடிப்படை. குதிரையின் நடுத்தர நிறம் சுமார் `#A9583A`. வெளிச்சம் படும் இடது ஓரம், அதாவது முகமும் மார்பும், `#D98F66` அளவுக்கு வெளுத்திருக்கிறது. ஒயிட் டவுன் சுவரின் கடுகு மஞ்சளை அப்படியே `#E3B04B` என்று எடுத்தால் என்ன ஆகும்? கறுப்பை 0 என்றும் வெள்ளையை 100 என்றும் வைத்தால், அந்த மஞ்சளின் வெளிச்ச அளவு 70 வாக்கில் வரும். குதிரையின் ஒளிபட்ட ஓரம் 61. நிறமும் பக்கத்துப் பக்கத்து நிறம், வெளிச்சமும் கிட்டத்தட்ட ஒன்று. முகத்தின் விளிம்பு சுவரில் கரைந்துவிடும். உடம்பு பளிச்சென்று தெரியும், மூக்கு மட்டும் காணாமல் போகும்.

அதனால் சுவரை வெயிலில் வெளுத்த மஞ்சளாக எடுத்தேன்: `#EBCB85`. இது 80 வாக்கில் இருக்கிறது. இன்னமும் பாண்டி மஞ்சள்தான், ஆனால் குதிரையின் முகம் பிரிந்து தெரிகிறது. தரைக்குச் சிமென்ட் சாம்பல், பட்டைக்குத் தூய வெள்ளை இல்லாமல் கொஞ்சம் பழுப்பேறிய வெள்ளை. ஜன்னலுக்குச் சாம்பல் கலந்த பச்சை. சிவப்பு மண்ணுக்கு எதிர்ப்பக்கத்து நிறம் அது என்பதால் சின்னத் துண்டாக இருந்தாலும் குதிரையின் சிவப்பைத் தூக்கிக் கொடுக்கும்.

இதைக் கண்ணால் மட்டும் நம்பாமல் சோதிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஃபில்டர் லேயர் போட்டு, `Desaturate`-ஐத் தேர்ந்தெடுத்து, அதில் `Luminosity` என்று இருப்பதை எடுங்கள். படம் முழுக்கச் சாம்பலாகும். குதிரையின் வெளிவரம்பு எங்காவது உடைந்து போகிறதா என்று பாருங்கள். பார்த்ததும் கண் அடையாளத்தை அணைத்துவிட்டு வேலையைத் தொடரலாம், அழிக்கத் தேவையில்லை.

கலர் பிளாக் மட்டும் என்பதோடு நிறுத்தினால் கிடைப்பது சுத்தமான, போஸ்டர் மாதிரியான ஒரு பின்னணி. சின்ன அளவில், போனில் விரல் நுனியளவு படமாகத் தெரியும்போது இதுதான் மூன்றிலும் தெளிவாக இருக்கும். விலைப்பட்டியலில் இருபது பொம்மைகளை வரிசையாக வைக்க வேண்டுமென்றால் நான் இதற்கு மேல் போக மாட்டேன். குறை, பெரிதாகப் பார்க்கும்போது வரும். சுடுமண்ணில் மண் துகள், விரல் தடம், சூளையில் பட்ட கருக்கல் எல்லாம் தெரிகிறது. பின்னால் ஒரு சுருக்கம்கூட இல்லாத கலர். குதிரை ஒரு உலகத்திலும் சுவர் இன்னொரு உலகத்திலும் இருக்கும்.

வழி இரண்டு: முதலிலிருந்தே டெக்ஸ்ச்சர் பிரஷ்

ஓவியம் கற்றவர்களுக்கு இதுதான் பிடிக்கும். `f) Bristles-2 Flat Rough` போன்ற பிரஷ்ஷைப் பெரிதாக வைத்துக்கொண்டு, சுவரை நான்கைந்து மஞ்சள்களில் மாற்றி மாற்றி அடித்து, ஈரம் காயாத பெயிண்ட்டில் வேலை செய்வது போல ஒரே லேயரில் கட்டுவது. நன்றாக வந்தால் இதற்கு ஈடே இல்லை. கோடுகளின் ஓரம் உடைந்து, ஒரு மஞ்சளுக்குள்ளிருந்து இன்னொரு மஞ்சள் எட்டிப் பார்க்கும். சுவருக்கு வயது வந்துவிடும்.

ஆனால் இங்கே நம் குதிரை ஒரு போட்டோ. அதைச் சுற்றியிருக்கும் வரைகோடுகள் போட்டி போட ஆரம்பிக்கும். பிரஷ் தடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு திசை உண்டு, கண் அந்தத் திசையில் ஓடும். குதிரையின் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு தடித்த தடம் போனால் அந்தத் தடம்தான் முதலில் தெரியும். ஓவியமாக வரைந்த குதிரை என்றால் இரண்டும் ஒரே கைதானே, சேர்ந்துவிடும். போட்டோவுக்கு அந்தச் சலுகை இல்லை.

இன்னொரு நடைமுறைச் சிக்கல் மவுஸ். இந்த பிரஷ்கள் பேனாவின் அழுத்தத்தை நம்பிச் செய்யப்பட்டவை. மெதுவாக அழுத்தினால் சொரசொரப்பு மட்டும், அழுத்தி அடித்தால் முழுக் கலர் என்று நடக்கும். மவுஸுக்கு அழுத்தம் கிடையாது, கிரிட்டா அதை முழு அழுத்தமாகவே எடுத்துக்கொள்ளும். எனவே எங்கே தொட்டாலும் ஒரே பலத்தில் அடிக்கும். சுவர் முழுக்க ஒரே தடம் திரும்பத் திரும்ப வருவது உடனே கண்ணில் படும். பேனா டேப்லெட் இல்லாதவர்கள் இந்த வழியை எடுக்காமல் இருப்பதே நல்லது.

கம்ப்யூட்டரின் பலமும் கணக்கில் வரும். 500, 600 பிக்சல் அகலத்தில் டெக்ஸ்ச்சர் பிரஷ்ஷை இழுத்தால் பழைய லேப்டாப்பில் கோடு கைக்குப் பின்னால் ஊர்ந்து வரும். `View` மெனுவில் `Instant Preview Mode`-ஐப் போட்டால் கொஞ்சம் தேறும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, திருத்த முடியாமை. "அண்ணே, மஞ்சள் வேணாம், சாம்பல் சுவர் வச்சுப் பாருங்களேன்" என்று ஒரு வாட்ஸப் வந்தால், சுவர், கறை, நிழல், பட்டை எல்லாம் ஒரே லேயரில் கலந்து கிடக்கும். மறுபடி முதலிலிருந்துதான். ஒரே ஒரு படம், சுவரில் மாட்டப் பெரிதாக அச்சிடப் போகிறோம், குதிரையையும் மேலே கொஞ்சம் தீட்டி ஓவியமாக்கிவிடலாம் என்ற நிலையில்தான் நான் இதற்குப் போவேன்.

வழி மூன்று: பிளாக்குக்குள் டெக்ஸ்ச்சர்

முதல் வழியில் செய்த ஐந்து துண்டுகளும் அப்படியே இருக்கட்டும். இப்போது டெக்ஸ்ச்சரை அந்தந்தத் துண்டின் எல்லைக்குள் அடைக்க வேண்டும். இதற்குக் கிரிட்டாவில் இரண்டு பூட்டுகள் இருக்கின்றன.

ஒன்று ஆல்பா பூட்டு. லேயர் பட்டியலில் சதுரங்கக் கட்டம் போட்ட சின்ன அடையாளம். அதை அழுத்தினால் அந்த லேயரில் ஏற்கெனவே கலர் இருக்கும் இடத்தில் மட்டும்தான் பிரஷ் விழும். வேகமான வழி. ஆனால் சொரசொரப்பு தட்டைக் கலரோடு சேர்ந்து ஒன்றாகிவிடுகிறது, பிறகு பிரிக்க முடியாது. காகிதப்பூக் கொத்து போல மாற்ற வாய்ப்பே இல்லாத சின்னத் துண்டுக்கு இது போதும்.

இன்னொன்று ஆல்பா வாரிசு, லேயரின் மேல் இருக்கும் `α` எழுத்து. இதை ஒரு புது லேயரில் போட்டால், கீழே இருக்கும் வடிவத்துக்குள் மட்டும் அந்த லேயர் தெரியும். தட்டைக் கலர் கீழே தனியாகவும், சொரசொரப்பு மேலே தனியாகவும் இருக்கும். பின்னால் எதையும் மாற்றலாம். நான் சுவர், தரை, பட்டை மூன்றுக்கும் இதையே எடுத்தேன்.

இதில் பலர் சிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. `α`-வைப் போட்டும் ஒன்றும் நடக்காது, டெக்ஸ்ச்சர் எல்லைக்கு வெளியே தாராளமாக வழியும். பூட்டு கெட்டுப்போகவில்லை. கிரிட்டா இந்த வாரிசைக் கீழே இருக்கும் ஒரே ஒரு லேயரிடமிருந்து எடுப்பதில்லை, கீழே உள்ள எல்லா லேயர்களின் கூட்டு வடிவத்திலிருந்து எடுக்கிறது. அடியில் கேன்வாஸ் முழுக்க நிரம்பிய வெள்ளை லேயரோ சுவரோ இருந்தால், கூட்டு வடிவம் என்பது கேன்வாஸ் முழுவதும்தான். எனவே அடைப்பதற்கு எல்லையே இல்லை. மற்ற மென்பொருள்களில் பழகியவர்கள் ஒரு லேயருக்கு மேல் இன்னொன்றைக் கிளிப் செய்த பழக்கத்தில் வந்து இங்கே குழம்புவார்கள். தீர்வு, ஒவ்வொரு துண்டையும் தனிக் குழுவுக்குள் வைப்பது. குழுவுக்குள் அடியில் தட்டைக் கலர், அதன் மேல் `α` போட்ட லேயர். குழுவுக்குள் இருக்கும் வாரிசு குழுவைத் தாண்டிக் கீழே பார்க்காது. தட்டைக் கலர் லேயரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு `Ctrl+Shift+G` அடித்தால் குழுவையும் `α` லேயரையும் கிரிட்டாவே சேர்த்துச் செய்து கொடுத்துவிடும்.

அடுத்து டெக்ஸ்ச்சருக்கு என்ன நிறம். இங்கேதான் பின்னால் வரப்போகும் "சாம்பல் வச்சுப் பாருங்களேன்" என்பதற்கு இப்போதே தயாராகலாம். டெக்ஸ்ச்சர் லேயரின் கலப்பு முறையை `Multiply` ஆக்கி, அதில் வெளிர் சாம்பலால் மட்டும் தீட்டுங்கள். சாம்பல் மஞ்சளின் மேல் விழுந்தால் அழுக்கு மஞ்சளாகும், நீலத்தின் மேல் விழுந்தால் அழுக்கு நீலமாகும். அடியில் இருக்கும் தட்டைக் கலரை `Ctrl+U` போட்டு எந்த நிறத்துக்கு மாற்றினாலும் கறைகள் கூடவே மாறும். உரிந்த இடம், சுண்ணாம்பு வெளுத்த இடம் போன்ற வெளிச்சத் திட்டுகளுக்கு மட்டும் சாதாரண முறையில் இன்னொரு `α` லேயர் வேண்டும்.

பிரஷ் என்று பார்த்தால் சுவருக்கு `g) Dry Bristles`, தரைக்கு `h) Chalk Grainy` இரண்டும் போதுமானவை. பேனா இல்லாதவர்கள் ஒளிபுகாமையை 20 சதவீதத்துக்குக் கீழே இறக்கிக்கொண்டு, ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை அடித்து அடர்த்தியைக் கூட்டலாம். மவுஸிலும் நன்றாகவே வரும். எல்லையைக் காப்பது பூட்டின் வேலை என்பதால் கை நடுக்கத்தைப் பற்றிக் கவலை இல்லை. மூன்றாவது வழியை நான் சிபாரிசு செய்ய இதுவும் ஒரு காரணம்.

சொரசொரப்பின் பருமன்தான் மிகவும் கவனிக்க வேண்டியது. `F5` அழுத்தினால் பிரஷ் எடிட்டர் திறக்கும். வடிவ டெக்ஸ்ச்சர் வைத்த பிரஷ்ஷில் `Texture` பகுதிக்குப் போனால் `Pattern`, அதன் கீழே `Scale`. பிரஷ்ஷைப் பெரிதாக்கினால் இந்தத் துகள் பெரிதாகாது, அது கேன்வாஸின் பிக்சல் கணக்கில் நிற்கிறது. 2000 பிக்சல் கேன்வாஸில் மூன்று நான்கு பிக்சல் துகளாக இருப்பது, 1080-க்குச் சுருக்கிப் போட்டதும் இரண்டு பிக்சலுக்கு வந்துவிடும். அதை வாட்ஸப் இன்னொரு முறை அமுக்கினால் சுவர் சுவராக இருக்காது, இருட்டில் எடுத்த போட்டோவின் புள்ளிக் குப்பை போல இருக்கும். என் கணக்கில் துகள் எட்டுப் பத்து பிக்சலாவது இருக்க வேண்டும். படத்தை 50 சதவீதத்துக்குச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே `Scale`-ஐ ஏற்றினால் சரியான இடம் தெரிந்துவிடும்.

பெரிய துகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. குதிரையின் மண்ணில் ஏற்கெனவே பொடித் துகள் இருக்கிறது. சுவரிலும் அதே பருமனில் துகள் இருந்தால் இரண்டும் ஒரே பொருளால் செய்தது போலத் தோன்றி, குதிரை சுவரில் புடைத்த சிற்பமாகிவிடும். பின்னால் இருப்பது அதைவிடத் தெளிவாகப் பெருத்தோ, தெளிவாக மென்மையாகவோ இருக்க வேண்டும். நடுத்தரம்தான் கெடுக்கும்.

எங்கே தீட்டுவது? சுவர் முழுக்க அல்ல. உண்மையான சுவரில் அழுக்குக்குக் காரணம் இருக்கும். தரையிலிருந்து ஈரம் ஏறும் அடிப்பகுதியில் கறை பிடிக்கும், சுண்ணாம்பு உப்பி உரியும். ஜன்னலின் அடித்தட்டுக்குக் கீழே மழைநீர் வழிந்த கோடு இருக்கும். பட்டையின் ஓரத்தில் தூசு தங்கும். இந்த மூன்று இடங்களில் மட்டும் டெக்ஸ்ச்சரைக் கொடுத்துவிட்டு, குதிரையின் முகத்தையும் முதுகையும் சுற்றியிருக்கும் பகுதியை ஏறக்குறைய தட்டையாகவே விட்டேன். அந்த அமைதியான மஞ்சள்தான் குதிரையின் வெளிவரம்பைக் காட்டுகிறது. எல்லா இடத்திலும் தூவிய டெக்ஸ்ச்சர் எதையும் சொல்லாது.

காகிதப்பூவுக்கு `z) Stamp` வரிசையில் இலை, புல் முத்திரைகள் இருக்கின்றன என்பதால் அதில் ஒன்றை எடுத்து அடித்துவிடலாம் என்று தோன்றும். நான் எடுக்க மாட்டேன். ஒரே இலை நூறு முறை வருவது தெரியும், இலையின் கூர்மையும் குதிரையின் காதோடு போட்டி போடும். இளஞ்சிவப்பில் ஒரு பெரிய வடிவம், அதற்குள் ஆல்பா பூட்டு போட்டு அடியில் கொஞ்சம் கருஞ்சிவப்பு, மேலே ஐந்தாறு வெளிர்ப் புள்ளிகள். தூரத்துக் காகிதப்பூ அவ்வளவுதான் தெரியும். குதிரையின் சிவப்புக்குப் பக்கத்தில் அது வரக்கூடாது, மூலையிலேயே நிற்கட்டும்.

எந்த வழியானாலும் குதிரையைத் தரையில் நிறுத்த

மூன்று வழிக்கும் பொதுவாக இரண்டு வேலை மிச்சமிருக்கிறது. இவற்றை விட்டால் எவ்வளவு நல்ல பின்னணியும் வீண்.

முதலாவது, விளிம்பில் ஒட்டியிருக்கும் பழைய பின்னணி. வெள்ளைத் துணிக்கு முன்னால் எடுத்த படமென்றால், குதிரையைச் சுற்றி ஒன்றிரண்டு பிக்சலுக்கு வெளிர்க் கோடு இருக்கும். வெளிர் மஞ்சளில் அது சட்டென்று தெரியாது. கால்களுக்கு நடுவில், தரையின் சாம்பலில்தான் காட்டிக்கொடுக்கும். சோதிக்க, குதிரைக்கு நேர் கீழே தற்காலிகமாக ஒரு கரும்பச்சை லேயர் வைத்துப் பாருங்கள். கோடு இருந்தால், குதிரை லேயரை வலது க்ளிக் செய்து `Select Opaque`, பிறகு `Select` மெனுவில் `Shrink Selection` 2 பிக்சல், பிறகு `Ctrl+Shift+I` போட்டுத் தேர்வைத் திருப்பி, `Delete`. இதில் காது, கடிவாளக் கயிறு போன்ற மெல்லிய பாகங்கள் இன்னும் மெலிந்துவிடும். அங்கே மட்டும் அறுக்காமல், ஆல்பா பூட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே இருக்கும் மண் நிறத்தை `Ctrl` அழுத்தி எடுத்து, சின்ன பிரஷ்ஷால் விளிம்பின் மேல் பூசிவிடுங்கள். வெள்ளை மறையும், வடிவம் குறையாது.

இரண்டாவது நிழல். ஒரே நிழலாகப் போடாமல் இரண்டு லேயராகப் பிரிப்பது நல்லது, இரண்டும் `Multiply`. பாதம் தரையைத் தொடும் இடத்தில் மெல்லிய, அடர்ந்த, கூர்மையான ஒரு கீற்று. அது இல்லாவிட்டால் குதிரை மிதக்கும். அப்புறம் வலது பக்கமாக நீளும் அகலமான, மங்கிய நிழல், `b) Airbrush Soft` கொண்டு. நிறம் கறுப்பாக இருக்கக்கூடாது. சாம்பல் தரையில் கறுப்பு நிழல் ஓட்டை போல இருக்கும், கரும்பழுப்பில் துளி ஊதா கலந்தால் தரையில் படியும். அகலமான நிழல் சுவர் வரை போனால் சுவரில் ஏறவும் வேண்டும். அந்த வேலையைத் தவிர்க்க, சுவர்க்கோட்டுக்குச் சற்று முன்னாலேயே நிழல் மங்கி முடியட்டும்.

சுவருக்கு மங்கல் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சுவர்க் குழுவில் ஃபில்டர் மாஸ்க்காக `Gaussian Blur` போட்டால் கேமரா எடுத்தது போல இருக்கும். இரண்டு மூன்று பிக்சல் வரை சரி. அதற்கு மேல் போனால் பார்த்துப் பார்த்துத் தீட்டிய சொரசொரப்பெல்லாம் கரைந்து, முதல் வழியிலேயே நின்றிருக்கலாமே என்று ஆகிவிடும். மாஸ்க்காகப் போட்டால் வேண்டாதபோது அணைத்துக்கொள்ளலாம், லேயரிலேயே நேரடியாகப் போட்டால் திரும்பி வராது.

தம்பிக்கு மஞ்சள் சுவரே பிடித்துப்போயிற்று. ஆனால் அடுத்து யானை வந்தது, அதன் பின் பிள்ளையார். குதிரை லேயரையும் இரண்டு நிழல்களையும் மட்டும் மாற்றிவிட்டு, அதே `.kra` கோப்பில் சுவரின் தட்டைக் கலரை யானைக்குச் சாம்பல் நீலமாகத் திருப்பினேன். கறைகள் கூடவே நீலமாயின. பிள்ளையார் படத்தில் மட்டும் வெளிச்சம் வலது பக்கத்திலிருந்து வந்தது. பிள்ளையாரைப் புரட்டினால் தந்தம் பக்கம் மாறிவிடும், அதனால் பின்னணிக் குழுக்கள் அனைத்தையும் கிடைமட்டமாகப் புரட்டினேன். ஜன்னல் இடதுக்கும் காகிதப்பூ வலதுக்கும் போனது.